முதல் மில்லிமீட்டரின் விலை

சிறு பட்டறை ஒன்றின் கூரையைத் தாங்க 4 மீட்டர் உயர இரும்புக் குழாய்த் தூண் நிற்கிறது. வெளி விட்டம் 114.3 மில்லிமீட்டர், சுவர்த் தடிமன் 4.5 மில்லிமீட்டர். உச்சியில் ஒரு தகடு, அதன்மேல் உத்தரம். அந்த உத்தரம் தகட்டின் நட்டநடுவில் உட்காராமல் 10 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. இந்தத் தூண் எவ்வளவு தாங்கும்?

முதலில் விலகலே இல்லை என்று எடுத்துக்கொண்டு பார்ப்போம். குழாயின் இரும்புப் பரப்பு 1552 சதுர மில்லிமீட்டர். அதன்மேல் 100 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 10 டன் சுமை வைத்தால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 64 நியூட்டன் வருகிறது. இதைத்தான் தகைவு என்கிறோம். சாதாரணக் கட்டுமான எஃகு நிரந்தரமாக உருக்குலையத் தொடங்குவது 250-இல். இந்தக் கணக்குப்படி நான்கு மடங்குக்கு அருகில் பாதுகாப்பு இருப்பதுபோல் தெரிகிறது.

ஆனால் நீண்ட தூண் நசுங்கி விழுவதில்லை, வளைந்துதான் விழும். இரு முனைகளும் திரும்ப இடமுள்ள ஒரு நேரான தூண் எந்தச் சுமையில் பக்கவாட்டில் சரியும் என்பதை ஆய்லர் 1744-இலேயே கணக்கிட்டார். நம் தூணுக்கு அந்தச் சுமை 289 கிலோநியூட்டன். அவருடைய சூத்திரம் தூண் முழு நேராகவும் சுமை நடு மையத்திலும் இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறது. நம் தூணில் அப்படி இல்லை.

சுமை மையத்திலிருந்து வலப்புறம் 10 மில்லிமீட்டர் தள்ளி இறங்குகிறது. உடனே வலப்பக்கம் கூடுதலாக நெருக்கப்படுகிறது, இடப்பக்கம் சற்றுத் தளர்கிறது. தூண் நடுவில் இடப்புறமாக வளைகிறது. அப்படி வளைந்ததும், சுமை இறங்கும் கோட்டுக்கும் தூணின் நடுப்பகுதிக்கும் உள்ள தூரம் 10-ஐத் தாண்டிவிடுகிறது. தூரம் கூடினால் வளைக்கும் விசை கூடும், அது கூடினால் வளைவு இன்னும் கூடும். சுமை ஆய்லர் எல்லைக்குக் கீழே இருக்கும்வரை இந்தச் சுற்று ஓர் இடத்தில் அடங்கும். எங்கே அடங்கும் என்று சொல்வதுதான் சீகன்ட் சூத்திரம்:

σmax = (P/A) × [1 + (e·c/r²) × sec((π/2)·√(P/Pcr))]

P சுமை, A பரப்பு, Pcr ஆய்லரின் சுமை. e என்பது விலகல், நமக்கு 10. c மையத்திலிருந்து வெளி விளிம்பு வரை, 57.15. r என்பது இரும்பு மையத்தைச் சுற்றி எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் சுழற்சி ஆரம், 38.85. அடைப்புக்குள் இருக்கும் 1 நேரடி நெருக்கத்துக்கு உரியது. e·c/r² வளைவினால் சேர்வது. sec அந்தச் சேர்க்கையைப் பெருக்குகிறது. அது கொசைனின் தலைகீழ், அவ்வளவே.

100 கிலோநியூட்டனுக்குப் போட்டுப் பார்ப்போம். e·c/r² 0.379. P/Pcr 0.346, அதன் வர்க்கமூலம் 0.588, அதை 90 பாகையால் பெருக்கினால் 52.9 பாகை. அதன் sec 1.66. ஆக உச்சத் தகைவு 64.4 × (1 + 0.379 × 1.66), அதாவது 105. அது இருக்குமிடம் தூணின் நடு உயரத்தில், சுமை தள்ளியிருக்கும் பக்கத்து விளிம்பு. தூண் வளைவதைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தால் 89 என்று நின்றிருப்போம்.

இப்போது சுமையை இரட்டிப்போம். 200 கிலோநியூட்டனில் கோணம் 74.9 பாகை, sec 3.83, தகைவு 316. சுமை இரண்டு மடங்கு, தகைவோ மூன்று மடங்கு. 250-ஐ எப்போதோ தாண்டிவிட்டது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பாதுகாப்புக்காகத் தகைவைப் பாதியாக, அதாவது 125-ஆக வைத்துக்கொண்டு அதற்கேற்ற சுமையைத் தேடினால் 115 கிலோநியூட்டன் கிடைக்கும். இரட்டைப் பாதுகாப்பு இருப்பதாகத் தோன்றும். ஆனால் இந்தத் தூணில் தகைவு 250-ஐத் தொடுவது 180 கிலோநியூட்டனிலேயே. 180-க்கும் 115-க்கும் உள்ள இடைவெளி ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியதுதான். பாதுகாப்புக் காரணியைச் சுமையின்மேல் வைக்க வேண்டும், தகைவின்மேல் வைக்கக்கூடாது. உண்மையில் இரு மடங்கு வேண்டுமென்றால் இந்தத் தூணுக்கு 90 கிலோநியூட்டன்தான்.

அந்த 180-ஐ நேரடியாகக் கண்டுபிடிக்க முடியாது. P வெளியேயும் இருக்கிறது, sec-இன் உள்ளேயும் இருக்கிறது. ஒரு மதிப்பை ஊகித்துப் போட்டு, 250-க்கு மேலா கீழா என்று பார்த்து, திருத்தித் திருத்தித்தான் நெருங்க வேண்டும். அதே காரணத்தால், கூரைக்கு ஒரு தகைவு, தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு தகைவு என்று தனித்தனியே போட்டுப் பின்னர் கூட்டுவதும் தப்பு. சுமைகளை முதலில் கூட்டிவிட்டுத்தான் சூத்திரத்துக்குள் போக வேண்டும்.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. விலகலை மாற்றி மாற்றி, தகைவு 250-ஐத் தொடும் சுமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். விலகல் 20 மில்லிமீட்டர் என்றால் 144 கிலோநியூட்டன். 10 என்றால் 180. 5 என்றால் 211. வெறும் 1 மில்லிமீட்டர் என்றால் 261. விலகலே இல்லையென்றால் ஆய்லரின் 289. முதல் ஒரு மில்லிமீட்டர் மட்டுமே 28 கிலோநியூட்டனைத் தின்றுவிடுகிறது. 10-இலிருந்து 20 வரையிலான அடுத்த பத்து மில்லிமீட்டர் சேர்ந்தே 36-தான் தின்கிறது. சின்ன விலகல்தானே என்று ஒதுக்குகிறோமே, விலை அங்கேதான் அதிகம்.

எனவே 289 என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும் எண். ஆலையிலிருந்து வரும் எந்தக் குழாயும் முழு நேரல்ல, இயல்பான அந்தச் சிறு கோணலும் விலகலைப் போலவே வேலை செய்கிறது. இதற்காகவே எஃகுத் தூண்களுக்கு, வேறு தகவல் இல்லாதபோது e·c/r²-ஐ 0.25 என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்கப் பாடநூல்களில் உண்டு. நம் குழாயில் அது ஏறத்தாழ ஆறரை மில்லிமீட்டர் விலகலுக்குச் சமம். நம்முடைய ஐஎஸ் 800 விதிநூல் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் பெர்ரி–ராபர்ட்சன் என்ற வேறு வடிவைக் கையாள்கிறது. தூண் முதலிலிருந்தே கோணல் என்று எடுத்துக்கொள்ளும் எண்ணம் அதிலும் உண்டு.

சூத்திரத்துக்கு எல்லைகளும் உண்டு. மேலும் கீழும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகல் என்பதே அதன் அடிப்படை. மேலே மட்டும் தள்ளி, கீழே நடுவில் இருந்தால் நிலைமை இவ்வளவு கடுமையாக இராது. எஃகு 250-ஐத் தாண்டிய பிறகு என்ன ஆகும் என்பதையும் இது சொல்லாது. குட்டைத் தூணில் இதற்கு வேலையே இல்லை: இதே குழாய் 1 மீட்டர்தான் என்றால், 100 கிலோநியூட்டனில் sec 1.03-தான்.

நிற்கும் தூணை எப்படிச் சோதிப்பது? உச்சியிலும் அடியிலும் ஒரே தடிமனில் மரத்துண்டு வைத்து, அவற்றின்மேல் நூலை இழுத்துக் கட்டி, நடு உயரத்தில் நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை அளக்கலாம். நாலு பக்கமும் அளக்க வேண்டும், வளைவு எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது. நம் தூண் 90 கிலோநியூட்டனில் 5.6 மில்லிமீட்டர் வளையும், 180-இல் 20.7. கூரைமேல் தொட்டியோ சோலார் பலகையோ ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்து, சுமை கூடிய விகிதத்தைவிட வளைவு கூடிய விகிதம் எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். மிக அதிகம் என்றால் தூண் ஆய்லர் எல்லையை நெருங்குகிறது. சுமையை இறக்கிவிட்டு, நடு உயரத்தில் இரு திசையிலும் குறுக்குப் பிடிமானம் கொடுத்தால் வளையும் நீளம் பாதியாகும், Pcr நான்கு மடங்காகும்.