அப்பத்தாவுக்கு ஒரு கடிதம்

பிறந்தபோது பெண் குழந்தை என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக உணர்ந்து வாழ்பவர் திருநம்பி. திருநங்கையரைத் தெரிந்த அளவுக்குத் திருநம்பிகளை நம் ஊர்களுக்குத் தெரியாது. பெண்ணாக வளர்க்கப்படுகிறவர் தனியே வெளியேறுவது கடினம் என்பதால், பலர் வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிப் போகிறார்கள். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அப்பத்தாவுக்கு நான் எழுதிய கடிதம் இது. இதே கேள்விகள் வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் இங்கே தருகிறேன்.

அன்புள்ள அப்பத்தா,

அத்தை இதை நிதானமாக வாசித்துக் காட்டும். போன வாரம் போனில் என் குரலைக் கேட்டுவிட்டு, "யாருப்பா பேசறது?" என்று கேட்டாய். கண் மங்கிய பிறகு நீ ஆட்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறாய். அதனால் இதை உனக்கு முதலில் சொல்ல வேண்டும்.

நான் ஆண், அப்பத்தா. டவுனுக்கு வந்து யாரும் என்னை மாற்றவில்லை. சடங்கு வைத்து மாமன் சீர் கொண்டுவந்த அன்று, பட்டுச்சேலையில் மனையில் உட்கார்ந்து நான் அழுததை வெட்கம் என்று எல்லோரும் நினைத்தீர்கள். இது என் உடம்பில்லை, இது எனக்கான உடுப்பில்லை என்ற தவிப்பு அது. சொல்ல அன்றைக்கு எனக்கு வார்த்தை இல்லை. சொல்லாததை நீ எப்படி அறிந்திருக்க முடியும்? உன் வளர்ப்பில் எந்தக் குறையும் இல்லை.

இது நோயும் இல்லை, செய்வினையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வைத்தியம் என்ற பேரில் எங்களை மாற்ற முயல்வதற்கு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதனால் கோடாங்கியிடம் குறி கேட்க வேண்டாம்.

குரல் எப்படி மாறியது என்று கேட்பாய். டாக்டர் மேற்பார்வையில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். ஆண்களுக்கு உடம்பில் தானாக நிறையச் சுரப்பது அது. தொண்டையில் இருக்கும் குரல் நாண்களை அது தடிக்க வைக்கும். அப்போது குரல் கனத்துக் கீழே இறங்கும். தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது குரல் உடைந்ததே, அதேதான் எனக்குக் கொஞ்சம் பிந்தி நடக்கிறது. ஒரே நாளில் வருவதில்லை. சில மாதம் கரகரத்து, பேசும்போதே கீச்சென்று ஏறி இறங்கி, அப்புறம்தான் ஒரு நிலைக்கு வரும். மீசையும் மெல்ல அரும்புகிறது. மாதவிலக்கு நின்றுவிட்டது.

ஊசியை நிறுத்தினால் மாதவிலக்கு திரும்பக்கூடும். ஆனால் இறங்கிய குரல் பழையபடி ஏறாது. என் பழைய குரலைக் கேட்க உனக்கு ஆசை வரும் என்று தெரியும். அதனால்தான் இதை மறைக்காமல் சொல்கிறேன். இந்த மருந்தால் சிலருக்கு ரத்தத்தில் சிவப்பணு கூடி ரத்தம் கெட்டியாகும். அதைக் கவனிக்க முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் சோதிக்கிறார்கள். பயப்படாதே, நான் தவறாமல் போகிறேன்.

ஆபரேஷன் செய்தால்தான் ஆணா என்று ஊரில் கேட்பார்கள். ஒருவர் தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்ல ஆபரேஷன் செய்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செய்துகொள்வதும் செய்யாமல் இருப்பதும் அவரவர் விருப்பம். கலெக்டர் ஆபீஸில் எனக்கு அடையாளச் சான்றும் கிடைத்துவிட்டது.

மாறாததைச் சொல்கிறேன். குலசாமி கோயிலில் மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினாயே, அந்தப் பிள்ளை நான்தான். கருவாட்டுக் குழம்பென்றால் இன்னும் இரண்டு தட்டு சாப்பிடுவேன். கோபம் வந்தால் உன்னைப் போலவே பேசாமல் இருந்துவிடுவேன். தாத்தாவின் உயரமும் நெற்றியும் எனக்கு வந்தது. எந்த ஊசியும் அதை மாற்றாது. மாதா மாதம் உனக்குப் பணம் அனுப்புவதும், உன் கண் ஆபரேஷனுக்குக் கூட வந்து நிற்பதும் என் பொறுப்பு.

சுவரில் இருக்கும் என் சின்ன வயசுப் படங்களைக் கழற்ற வேண்டாம். அவையும் என் வாழ்க்கைதான். பழைய பேர் வாய்தவறி வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. புதுப் பேர் பழகப் பழக வரும்.

மாசிக் களரிக்கு ஊருக்கு வருகிறேன். கோயிலில் யாராவது, கூட நிற்பது யார் என்று கேட்டால் பெரிய விளக்கம் எதுவும் வேண்டாம். "என் மகன் வயித்துப் பேரன்" என்று மட்டும் சொல், அப்பத்தா. நீ சொல்லிவிட்டால் நம் பங்காளிகளில் அதற்கு மேல் கேட்க ஆளில்லை.

உன் பேரன்