கடைசி வரியில் கிடந்த 1,920

2003 ஜனவரி 16. கொலம்பியா விண்வெளி ஓடம் புறப்பட்டு ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஓடம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே, சேதம் எவ்வளவு இருக்கும் என்று போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து நாசாவிடம் ஸ்லைடுகளாகக் காட்டினார்கள்.

அவற்றில் ஒன்றின் தலைப்பு சொன்னதன் சாரம் இது: சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டால், வெப்பக்காப்பு ஓடுகளின் சேதத்தை நம் கணிப்பு கூட்டியே சொல்கிறது. கேட்பவருக்கு அப்பாடா என்றிருக்கும். அதன் கீழே புள்ளிகள், புள்ளிக்குள் புள்ளிகள். எல்லாவற்றுக்கும் அடியில்தான் விஷயமே இருந்தது: சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், இப்போது மோதியதன் மதிப்பீடோ 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு! அந்தச் சோதனையை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவுமே உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் இதன் பொருள். தலைப்பைக் கவிழ்க்கிற வரி தலைப்புக்கு அடியில் ஒளிந்திருந்தது.

பிப்ரவரி 1 அன்று தரையிறங்க வருகையில் ஓடம் சிதறி, எழுவரும் இறந்தார்கள். ஸ்லைடு மட்டுமே காரணம் என்றால் அது அநியாயம். இறக்கையைப் படமெடுக்கச் சொல்லிப் பொறியாளர்கள் கேட்டதையும் நிர்வாகம் ஏற்கவில்லை. ஆனாலும் விசாரணைக் குழு இந்த ஸ்லைடைத் தன் அறிக்கையிலேயே அச்சிட்டு, எட்வர்ட் டஃப்டியின் அலசலையும் சேர்த்தது.

இதையே இன்று எழுதுவதானால், அறிக்கையின் முதல் பக்கத்திலிருந்து சுருக்கிக்கொண்டே வரக் கூடாது. முதலில் பரிந்துரையை எழுத வேண்டும்: ‘இறக்கையைப் படமெடுக்க இன்றே அனுமதி தாருங்கள், அதுவரை தரையிறங்குவது பாதுகாப்பானது என்று முடிவு செய்ய வேண்டாம்.’ பிறகு, எதைத் தெரிந்துகொண்டால் நிர்வாகி இதற்குத் தலையாட்டுவார் என்று யோசித்தால் இரண்டே விஷயம் மிஞ்சும். துண்டு சோதித்ததைவிட 640 மடங்கு பெரியது. மோதிய இடம் சரியாகத் தெரியவில்லை. ஓடுகளுக்குப் பதில் இறக்கையின் முன்விளிம்பாகவும் இருக்கலாம். தலைப்பு இவற்றிலிருந்தே வரும்: ‘சேதம் எவ்வளவு என்று இப்போதைய தரவை வைத்துச் சொல்ல முடியாது.’

கணிப்பு கூட்டியே சொல்கிறது என்பது பொய்யல்ல. சிறிய துண்டுகளுக்கு அது உண்மைதான். ஆனால் முடிவை அது மாற்றாது என்பதால் அதன் இடம் முழு அறிக்கை. பல நாள் உழைத்துப் போட்ட கணக்கை இப்படி விட்டுவிடத்தான் எழுதுபவருக்கு மனசு வராது. ஸ்லைடு நெரிசலாவது பெரும்பாலும் அதனால்தான்.

அனுப்புமுன் ஒரு சோதனை உண்டு. எழுதாத ஒருவரிடம் தலைப்பை மட்டும் காட்டி, என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பிறகு கடைசி வரியை மட்டும் காட்டி அதையே கேளுங்கள். பதில் மாறினால், அந்த வரியைத் தலைப்புக்கு ஏற்றிவிட்டு மற்றதைத் திருத்தி எழுத வேண்டும்.