நூறு ரூபாய்க்கு நூறு ரூபாய்

மத்திய அரசின் கடன் பத்திரங்களுக்குப் பெயரிலேயே வட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். 2024 ஏப்ரலில் வந்த பத்தாண்டுப் பத்திரத்தின் பெயர் '7.10% ஜிஎஸ் 2034'. ஆண்டுக்கு 7.10 சதவீதம் வட்டி, 2034இல் முதிர்வு என்று அர்த்தம். ஏழு என்று முழு எண்ணாக வைக்காமல் அந்தப் பத்துப் பைசாவை யார் முடிவு செய்தார்கள்?

நிதியமைச்சகம் உட்கார்ந்து முடிவு செய்ததல்ல. புதிய பத்திரம் வரும்போது ரிசர்வ் வங்கி ஏலம் விடுகிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தங்களுக்கு எத்தனை சதவீதம் வேண்டும் என்று கேட்கின்றன. குறைவாகக் கேட்டவரிலிருந்து வரிசைப்படுத்தி, அரசுக்குத் தேவையான தொகை நிரம்பும் இடத்தில் கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டில் இருக்கும் விகிதமே பத்திரத்தின் வட்டி, அதாவது கூப்பன். அந்த விகிதத்தில் வாங்குபவர் நூறு ரூபாய் முகமதிப்புள்ள பத்திரத்துக்குச் சரியாக நூறு ரூபாய் தருகிறார். விலையும் முகமதிப்பும் சமமாக இருக்கும்படி அமைந்த இந்த விகிதத்துக்குத்தான் பார் ஈல்டு என்று பெயர்.

ஏலத்துக்குப் போகிறவர் என்ன கேட்பது என்று முன்பே கணக்குப் போட்டுக்கொண்டுதான் போவார். அதற்குத் தேவையான மூலப்பொருள் ஸ்பாட் ரேட். இன்று பணம் போட்டு, இடையில் ஒரு பைசாவும் வாங்காமல், குறித்த ஆண்டின் முடிவில் மொத்தமாக எடுத்தால் கிடைக்கும் ஆண்டு விகிதம் அது. ஓராண்டுக்கு ஒரு ஸ்பாட் ரேட், இரண்டாண்டுக்கு இன்னொன்று, மூன்றாண்டுக்கு வேறொன்று.

எண்களோடு பார்க்கலாம். ஓராண்டு ஸ்பாட் ரேட் 6%, இரண்டாண்டு 6.5%, மூன்றாண்டு 7% என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுப் பத்திரம் ஒன்றை இன்று நூறு ரூபாய்க்கு விற்க வேண்டுமானால் கூப்பன் எவ்வளவு இருக்க வேண்டும்? பலர் சட்டென்று 7 என்பார்கள். சிலர் மூன்றையும் கூட்டி வகுத்து 6.5 என்பார்கள். இரண்டும் தவறு.

இந்தப் பத்திரம் உண்மையில் மூன்று தனித்தனிப் பணவரவுகளின் கட்டு. முதலாண்டு முடிவில் ஒரு கூப்பன், இரண்டாமாண்டு முடிவில் ஒரு கூப்பன், மூன்றாமாண்டு முடிவில் கூப்பனும் அசல் நூறும். ஒவ்வொன்றையும் அது வரும் ஆண்டுக்குரிய விகிதத்தில்தான் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். ஓராண்டு கழித்து வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 1ஐ 1.06ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.9434. இரண்டாண்டு கழித்து வருவதற்கு 1.065இன் இருமடியால் வகுக்க, 0.8817. மூன்றாண்டுக்கு 1.07இன் மும்மடியால் வகுக்க, 0.8163.

இனி வேலை சுலபம். மூன்றாண்டு கழித்து வரும் அசல் நூறின் இன்றைய மதிப்பு 81.63 ரூபாய். பத்திரத்தின் விலை நூறாக வேண்டுமென்றால் மீதி 18.37 ரூபாயைக் கூப்பன்கள்தான் ஈடுகட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒரு ரூபாய் வீதம் மூன்றாண்டு வரும் கூப்பனின் இன்றைய மதிப்பு, மேலே கண்ட மூன்று எண்களின் கூட்டுத்தொகையான 2.6414 ரூபாய். 18.37ஐ 2.6414ஆல் வகுத்தால் 6.95 வருகிறது. இந்த மூன்றாண்டுப் பத்திரத்தின் பார் ஈல்டு 6.95%.

விடை சரியா என்று பார்க்க ஒரே வழி, பத்திரத்தை மீண்டும் விலை போட்டுப் பார்ப்பது. 6.95 கூப்பனோடு மூன்று வரவுகளையும் தள்ளுபடி செய்து கூட்டினால், தசமத்தை வெட்டியதால் வரும் ஒரு பைசா வித்தியாசத்தைத் தவிர, நூறு வரும். 7 என்று வைத்திருந்தால் விலை 100.12 ஆகியிருக்கும், விற்பவருக்கு நூற்றுக்கு 12 பைசா தேவையில்லாத சுமை. 6.5 என்று வைத்திருந்தால் 98.80தான் கிடைக்கும்.

7க்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. பணத்தின் பெரும்பகுதி மூன்றாமாண்டு முடிவில்தான் வருகிறது; அதனால் விடை 7ஐ ஒட்டியே இருக்கும். முதல் இரண்டு கூப்பன்கள் 6, 6.5 என்ற தாழ்ந்த விகிதங்களில் தள்ளுபடியாகின்றன. அவை விடையைச் சற்றே கீழே இழுக்கின்றன. காலம் நீண்டால் இடையில் வரும் கூப்பன்களும் அதிகம். ஆகவே ஸ்பாட் ரேட் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும் சந்தையில், நீண்டகாலப் பத்திரத்தில் இந்த இடைவெளி கணிசமாக இருக்கும்.

குறுகிய கால வட்டி நீண்டகால வட்டியைவிட உயர்ந்திருந்தால் கதை தலைகீழ். 2013 ஜூலையில் ரூபாயின் சரிவைத் தடுக்க ரிசர்வ் வங்கி குறுகிய காலப் பணத்தை இறுக்கியபோது நம் சந்தையில் அப்படித்தான் ஆனது. உதாரணத்துக்கு 8, 7.5, 7 என்று ஸ்பாட் ரேட்டுகளை வைத்துப் பாருங்கள். மூன்றாண்டு விகிதம் அதே 7தான். ஆனால் பார் ஈல்டு 7.045% ஆகிவிடும். ஏறுமுகச் சந்தையில் உங்கள் விடை கடைசி ஸ்பாட் ரேட்டைத் தாண்டினால், எங்கோ வகுத்தலில் பிசகியிருக்கிறீர்கள்.

ஸ்பாட் ரேட்டே கையில் இருக்கும்போது பார் ஈல்டு என்று தனியாக ஒன்று எதற்கு? சந்தையில் புழங்கும் பத்திரங்கள் விதவிதமான கூப்பன்களோடு இருப்பதுதான் பிரச்சினை. முதல் உதாரணத்தின் ஸ்பாட் ரேட்டுகளையே எடுத்துக்கொண்டு, 12% கூப்பன் தரும் பழைய மூன்றாண்டுப் பத்திரத்தை விலை போட்டால் 113.33 ரூபாய். அந்த விலையில் வாங்கி முதிர்வுவரை வைத்திருப்பவரின் ஈல்டு 6.93%. கூப்பனே இல்லாத பத்திரத்துக்கு 7%. மூன்றும் ஒரே நாளில் முதிர்கின்றன, மூன்றும் நியாய விலையில்தான் இருக்கின்றன, ஆனாலும் ஈல்டு மூன்று விதம். 7% காட்டுவது மலிவு, 6.93% காட்டுவது விலை அதிகம் என்று நினைப்பவர் ஏமாறுவார். அதனால்தான் அமெரிக்கக் கருவூலம் அன்றாடம் வெளியிடும் வட்டி வரைகோடு பார் ஈல்டு வரைகோடாக இருக்கிறது. கூப்பன் வேறுபாட்டால் வரும் குழப்பம் அதில் கிடையாது. இந்தியாவில் எஃப்பிஐஎல் அமைப்பு பார் ஈல்டு, கூப்பனற்ற வரைகோடு இரண்டையுமே தருகிறது.

கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. எளிதில் வாங்கி விற்க முடிகிற புதுப் பத்திரத்துக்குச் சந்தை கொஞ்சம் கூடுதல் விலை தரத் தயங்காது. ஆகவே ஏலத்தில் வரும் விகிதம் கணக்கிட்ட பார் ஈல்டுக்குச் சற்று இறங்கி நிற்கலாம்.

கடைசியாக, இந்திய அரசுப் பத்திரங்கள் வட்டியை ஆண்டுக்கொரு முறை அல்ல, ஆறு மாதத்துக்கொரு முறை தருகின்றன. ஆகவே ஸ்பாட் ரேட்டுகளும் ஆறு மாத இடைவெளியில் வேண்டும். ஆறு மாதத்துக்கு 6%, பன்னிரண்டுக்கு 6.2, பதினெட்டுக்கு 6.4, இருபத்துநான்குக்கு 6.6 என்று வைத்து, ஒவ்வொன்றையும் பாதியாக்கி இரண்டாண்டுப் பத்திரத்தைக் கணக்கிட்டால் ஆறு மாதத்துக்கு 3.29 வருகிறது. இரட்டித்தால் 6.58%. இரட்டிக்க மறந்தால் எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். கண்ணில் படாத தவறு வேறு: கொடுக்கப்பட்ட ஸ்பாட் ரேட் ஆண்டுக்கொரு முறை கூட்டப்படுவதா, ஆறு மாதத்துக்கொரு முறையா என்று பார்க்காமல் பாதியாக்கிவிடுவது. ஆண்டுக்கு 6% என்றால் ஆறு மாதத்துக்கு 3% அல்ல, 2.956%. இந்தத் தவறைச் செய்துவிட்டு விலையைச் சரிபார்த்தாலும் பிடிபடாது. தவறான அதே காரணிகளை வைத்துக் கூட்டினால் நூறு வந்தே தீரும்.