தோற்றவன் முதலில் சிரிக்கட்டும்

2024 மே 18, சனிக்கிழமை இரவு. சின்னசாமி மைதானத்தில் பெங்களூரு அணி 218 ரன் குவித்திருந்தது. சென்னை ஜெயிக்கக்கூட வேண்டியதில்லை; 201 எடுத்தாலே பிளே ஆஃபுக்குள் போய்விடலாம். எடுத்தது 191. பத்து ரன்னில் வாய்ப்பு போனது.

என் மனைவியின் தம்பி பெங்களூரில் வேலை பார்க்கிறான். பரம்பரை பெங்களூரு ரசிகன் மாதிரி நடந்துகொள்வான். அன்றிரவு அவனிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. அந்த அமைதிதான் அவன் செய்த பெரிய மரியாதை. மறுநாள் காலை நானே ஆரம்பித்தேன்: "மச்சான், பிளே ஆஃப் பார்க்க லீவு சொல்லி வெச்சிருந்தேன். கேன்சல் பண்ணணும்." உடனே பதில் வந்தது: "எதுக்கு மாமா கேன்சல்? எங்க மேட்ச்சைப் பாருங்க!"

நான் கதவைத் திறந்துவிட்டேன். அவன் உள்ளே வந்தான். கலாய்ப்பதில் முதல் விதியே இதுதான். தோற்றவன் தன்னைத் தானே ஒருமுறை கிண்டல் செய்துகொள்ளும்வரை ஜெயித்தவன் வாய் திறக்கக் கூடாது. அதற்கு முன் வரும் சிரிப்பு எல்லாம் வெறுப்பேற்றல். அதற்குப் பின் வருவது விளையாட்டு.

நான்கு நாள் கழித்து, அகமதாபாத்தில் ராஜஸ்தானிடம் தோற்றுப் பெங்களூரு வெளியேறியது. இப்போது என் முறை. அந்த அணியின் கோப்பைக் கனவைக் குத்திக்காட்டும் கிண்டல்கள் ஊரெங்கும் சுற்றிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை நானும் தட்டிவிட்டிருந்தால், ஏற்கெனவே ஆயிரம் பேர் அடித்த இடத்தில் விழுந்த இன்னொரு அடியாகியிருக்கும். ஒரு நாள் பொறுத்து, ஒரே வரி கேட்டேன்: "மச்சான், இப்ப லீவைக் கேன்சல் பண்ணலாமா?" போன் போட்டுச் சிரித்தான். அவன் சொன்ன சொல்லையே அவனிடம் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஒருவன் விட்ட பந்தாவைக் கலாய்க்கலாம். அவன் ஊரை, மொழியை, அவன் கொண்டாடும் வீரரின் வயதைத் தொட்டால் அது ஆட்டத்தைத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேச வீரர் முஷ்பிகுர் ரஹீம் உதாரணம். 2016 மார்ச் 23, டி20 உலகக் கோப்பை, பெங்களூரு. இந்தியாவுக்கு எதிராகக் கடைசி ஓவரில் இரண்டு பவுண்டரி அடித்தார். மூன்று பந்தில் இரண்டு ரன்தான் பாக்கி. அப்போதே ஜெயித்தது போல் ஆர்ப்பரித்தார். அடுத்த மூன்று பந்திலும் மூன்று விக்கெட். வங்கதேசம் ஒரு ரன்னில் தோற்றது. முந்திக் கொண்டாடியது முதல் பிழை. எட்டாம் நாள், அரையிறுதியில் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்றபோது, தன் மகிழ்ச்சியை ட்விட்டரில் பதிவிட்டார். கண்டனம் குவிய, மன்னிப்புக் கேட்டார். தான் ஆடாத ஆட்டத்தில் கிடைத்த வெற்றியை வைத்துச் சிரித்தது இரண்டாம் பிழை. களத்தில் வாங்கிய தோல்வி ஆறியிருக்கும். இந்தச் சிரிப்பைத்தான் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள்.

நேர்மாறானது சேப்பாக்கத்தில் நடந்தது. 1999 ஜனவரி 31, பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டின் நான்காம் நாள். இலக்கு 271. முதுகு வலியோடு 136 ரன் எடுத்த டெண்டுல்கர் ஆட்டமிழந்தபோது, 17 ரன்தான் தேவை, மூன்று விக்கெட் கையில். நான்கு ரன்னுக்குள் அந்த மூன்றும் விழுந்தன. அரங்கம் சற்று நேரம் உறைந்துபோனது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமின் அணி அந்தக் கைதட்டலுக்கு நடுவே மைதானத்தைச் சுற்றி வந்தது. வலியை மறைத்துக்கொண்டு கைதட்டியவர்கள் அல்ல அவர்கள், வலித்துக்கொண்டே கைதட்டியவர்கள். அம்பயர் மேல் பழி, பிட்ச் மேல் பழி என்று சப்பைக்கட்டு கட்டாததால்தான் அந்தத் தோல்வி அழகாக நிற்கிறது.

ஜெயித்தவனையும் ஓட்டலாம். "டாஸ் ஜெயிச்சதுக்கா இவ்வளவு கெத்து?" என்பது பாராட்டின் இன்னொரு வடிவம். ஆனால் எங்கே நிறுத்துவது? எதிரிலிருப்பவர் பதில் கிண்டல் சொல்வதை விட்டுவிட்டு ஸ்கோர் விவரத்தை எடுத்து வாதாடத் தொடங்கினால், வலிக்கிறது என்று பொருள். "சரி" என்ற ஒற்றைச் சொல் வந்தால், ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. அங்கே "டீ சாப்பிட்டாச்சா?" என்று பேச்சை மாற்றிவிடுங்கள்.

2025-ல் சென்னை கடைசி இடத்தில் முடித்தது. ஜூன் 3 அன்று பெங்களூரு முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அன்றிரவு மச்சானுக்கு முந்திக்கொண்டு நானே செய்தி அனுப்பினேன்: "வாழ்த்துகள் மச்சான். ஒரு வாரம் மாமாவை ஓட்டிக்கோ." அவன் இரண்டே நாளில் நிறுத்திக்கொண்டான்.