ஒரே திட்டம், இரண்டு வருவாய் விகிதங்கள்

ஒரு திட்டத்தில் போடும் பணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஈட்டித் தரும் என்பதை ஒரே எண்ணில் சொல்வதுதான் ஐ.ஆர்.ஆர். எனப்படும் உள்ளார்ந்த வருவாய் விகிதம். கடனுக்குக் கட்டும் வட்டியைவிட அது அதிகமாக இருந்தால் திட்டத்தில் இறங்கலாம் என்பார்கள். ஆனால் சில திட்டங்களுக்கு இந்த விகிதம் இரண்டு வரும். கணக்குப்படி இரண்டுமே சரி!

இதற்கு ஜேம்ஸ் லோரி, லியோனார்ட் சாவேஜ் என்ற அமெரிக்க அறிஞர்கள் 1955இல் காட்டிய உதாரணம் புகழ்பெற்றது. ஓர் எண்ணெய்க் கிணற்றில் பெரிய பம்பு பொருத்த 1,600 டாலர் செலவு. கிணற்றில் இருக்கும் எண்ணெய் கூடப்போவதில்லை. சீக்கிரம் வெளியே வரும், அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டு வரவேண்டிய 10,000 டாலர் முதல் ஆண்டிலேயே வந்துவிடும். ஆகவே பழைய பம்போடு ஒப்பிட்டால், இன்று 1,600 செலவு, ஓராண்டில் 10,000 வரவு, ஈராண்டில் 10,000 இழப்பு. பணம் போகிறது, வருகிறது, மறுபடி போகிறது.

இதன் ஐ.ஆர்.ஆர். 25 சதவீதம், 400 சதவீதமும்கூட. எப்படி என்று பார்ப்போம். 25 சதவீதத்தில் 1,600 ஓராண்டில் 2,000 ஆகும். வந்த 10,000இல் அதைக் கழித்தால் மீதி 8,000. அதுவும் 25 சதவீதத்தில் வளர்ந்தால் அடுத்த ஆண்டு 10,000 ஆகி, இழப்பைச் சரியாக ஈடுகட்டிவிடும். 400 சதவீதத்தில் 1,600 என்பது 8,000 ஆகும், மீதி 2,000. அது ஐந்து மடங்காகி அதே 10,000ஐத் தொடும்.

சிக்கல் அந்த மீதித் தொகையில்தான். கைக்கு வந்த பணத்தை வேறெங்கோ போட்டு அதே விகிதத்தில் ஈட்டுவோம் என்று கணக்கு தானாகவே எடுத்துக்கொள்கிறது. 25 சதவீதமோ 400 சதவீதமோ பம்பின் திறமை மட்டும் அல்ல. வெளியே கிடைப்பதாக நாம் நினைத்துக்கொள்ளும் வட்டியும் அதில் கலந்திருக்கிறது.

உண்மையில் கிடைப்பது 10 சதவீதம்தான் என்றால்? ஓராண்டு கழித்து வரும் 10,000இன் இன்றைய மதிப்பு சுமார் 9,091. ஈராண்டு கழித்துப் போகும் 10,000இன் இன்றைய மதிப்பு சுமார் 8,264. இதையும் பம்பு விலை 1,600ஐயும் கழித்தால் 773 டாலர் நஷ்டம். 25 என்ற எண்ணை நம்பி வாங்கியிருந்தால் பணம் போயிருக்கும்.

தோண்டி முடித்தபின் நிலத்தைச் சீர்செய்யவேண்டிய சுரங்கங்களிலும், கடைசியில் பெருஞ்செலவில் மூடவேண்டிய அணு உலைகளிலும் இதே நிலை வரலாம். எக்செல் எச்சரிக்காது, நாம் கொடுக்கும் தொடக்க ஊகத்துக்கு அருகிலுள்ள ஒரு விடையை மட்டும் காட்டும். எனவே முதலில் வரவு செலவு வரிசையில் கூட்டல், கழித்தல் குறி எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணுங்கள். ஒரு முறைக்கு மேல் மாறினால் இரண்டு விகிதம் வந்தே தீரும் என்றில்லை, வர இடமுண்டு. அப்போது ஐ.ஆர்.ஆரை ஒதுக்கிவிட்டு, உங்கள் மூலதனத்துக்கு உண்மையில் ஆகும் வட்டியில் இன்றைய மதிப்பைக் கணக்கிட்டு முடிவெடுங்கள்.