உணவின் இடையே நீர் அருந்தலாமா?

உணவு உண்ணும்போது நீர் பருகினால், இரைப்பையில் ஊறும் செரிமான நீர் வலுவிழந்து உணவு செரிக்காமற் போகும் என்னும் எண்ணம் நம் நாட்டின் பல பகுதிகளிலும் நிலவி வருகிறது. இதனை நம்பிச் சிலர் கடுங்கோடையிலும் உணவுக்கு முன்னும் பின்னும் நெடுநேரம் தாகத்தை அடக்கிக்கொள்கின்றனர். குளிர்ந்த நீர் உணவிலுள்ள கொழுப்பை உறையச் செய்யும் என்றும், வெந்நீர் உடற்கொழுப்பைக் கரைக்கும் என்றும் கூறுவோரும் உளர். இக்கருத்துக்கள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இரைப்பையின் இயல்பைக் கொண்டே ஆராயலாம்.

நீர்த்துப்போகும் அளவு

இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்னும் நொதியும் அடங்கியுள்ளன. அமிலத்தின் கடுமையைப் பி.எச். என்னும் எண்ணாற் குறிப்பர். எண் சிறிதாக இருந்தால் அமிலம் கடுமையானது. அமிலச் செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால்தான் இந்த எண் 1 உயரும்.

இரைப்பையில் 100 கன சென்டிமீட்டர் செரிமான நீர் இருப்பதாகவும், அதன் பி.எச். 1.5 எனவும் கொள்வோம். அதனுடன் ஒரு தம்ளர் நீர், அதாவது 200 கன சென்டிமீட்டர், கலந்தால் அமிலச் செறிவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் பி.எச். எண் ஏறத்தாழ 2 வரையே உயரும். பெப்சின் மிக நன்றாக வேலை செய்வது இந்த நிலையிலேதான்.

உண்மையில் நீரைக் காட்டிலும் உணவே அமிலத்தை மிகுதியாகத் தணிக்கிறது. பருப்பு, பால், இறைச்சி முதலியவற்றிலுள்ள புரதம் அமிலத்தைப் பற்றிக்கொள்வதால், ஒரு துளி நீர் பருகாதவரின் இரைப்பையிலும் உணவு உண்டவுடன் பி.எச். எண் 4க்கு மேலும் உயர்வதுண்டு. அமிலம் தணிந்ததும், இரைப்பை விரிந்ததும், காஸ்ட்ரின் என்னும் ஹார்மோன் சுரந்து மேலும் அமிலத்தை ஊறச் செய்கிறது. அமிலம் போதிய அளவு ஏறியதும் காஸ்ட்ரின் சுரப்பு குறைகிறது. இவ்வாறு இரைப்பை தன் தேவையைத் தானே சரிசெய்துகொள்கிறது. மேலும், திட உணவு அரைபட்டுக் கூழாகும் வரை இரைப்பையில் தங்க, நீரோ அதற்கு முன்னரே சிறுகுடலுக்குச் சென்றுவிடுகிறது.

செரிமானத்தின் பெரும்பகுதி சிறுகுடலிலே நடைபெறுகிறது. பருகும் நீரும் உணவிலுள்ள நீரும் ஏறத்தாழ 2 லிட்டர் என்றால், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் முதலியனவாக உடலே நாள்தோறும் 7 லிட்டர் அளவு குடலுக்குள் ஊற்றுகிறது. மாவுப்பொருளும் புரதமும் சிதையும்போது நீரின் மூலக்கூறுகள் அவற்றோடு சேர்ந்தே சிதைவு நிகழ்கிறது. ஆகவே நீர் செரிமானத்துக்குப் பகையன்று. அதன் ஒரு மூலப்பொருளே ஆகும்.

தண்ணீரும் வெந்நீரும்

37 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள 600 கிராம் உணவுடன் 10 டிகிரி வெப்பமுள்ள ஒரு தம்ளர் நீர் சேர்ந்தால், கலவையின் வெப்பம் ஏறத்தாழ 30 டிகிரி இருக்கும். சமையல் எண்ணெய்கள் இந்த வெப்பத்தில் உறைவதில்லை. நெய் சற்று இறுகினும், அரைமணி நேரத்துக்குள் உடலின் வெப்பம் அதனை மீண்டும் இளக்கிவிடும். மிகக் குளிர்ந்த பானம் இரைப்பையை விட்டு வெளியேறுவது தொடக்கத்திற் சற்றுத் தாமதப்படலாம். அதனாற் செரிமானம் குன்றுவதில்லை.

வெந்நீரும் அவ்வாறே விரைவில் உடல் வெப்பத்தை அடைந்துவிடுகிறது; தோலுக்கடியிலுள்ள கொழுப்பை அது எட்டுவதே இல்லை. கொதிக்கவைத்த நீரின் சிறப்பு நோய்க்கிருமிகள் அழிந்திருப்பதில் உள்ளது. அதனை மூடிவைத்து ஆறவிட்டுப் பருகினாலும் அச்சிறப்பு குறைவதில்லை. மாறாக, 65 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்துடன் பானங்களை அருந்தும் வழக்கம் உணவுக்குழலிற் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என 2016இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது.

கவனம் தேவைப்படுவோர்

சிலருக்கு மட்டும் உணவோடு அருந்தும் நீரின் அளவு முக்கியமானது. இரைப்பையின் பகுதி அறுவையால் நீக்கப்பட்டவர்களுக்கு உணவும் நீரும் ஒருசேர விரைந்து குடலில் இறங்கி மயக்கமும் படபடப்பும் தரலாம். எனவே நீரை அரைமணி நேரம் தள்ளி அருந்துமாறு மருத்துவர் கூறுவர். புளித்த நீர் நெஞ்சுக்கு எதிர்த்து வரும் தொல்லை உடையோர் ஒரே வேளையில் வயிறு நிரம்ப உண்பதும் பருகுவதும் தொல்லையை மிகுவிக்கும். இதயம் அல்லது சிறுநீரகம் பழுதுற்றோர் மருத்துவர் குறித்த அளவை மீறலாகாது. ஏனையோர் உணவின் இடையே தாகத்துக்கேற்ப நீர் பருகத் தடையேதும் இல்லை. சிறுநீரகக் கல் உண்டானவர்களும், தாக உணர்ச்சி மங்கிய முதியோரும் உணவு வேளையில் நீரைத் தவிர்ப்பதால் கேடே விளையும்.