அம்மா இருக்கும்வரை அம்மாவுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு

1989-ல் டெல்லிக்காரர் ஒருவர் உயில் எழுதினார். தன் காலத்துக்குப் பின் மனைவி அந்த வீட்டில் வாழலாம், வாடகையும் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் விற்கக் கூடாது. அவருக்குப் பிறகு வீடு, உயிலில் சொன்ன பிள்ளைகளுக்குப் போகவேண்டும். மனைவி 2012-ல் காலமானார். பிள்ளைகளுக்குள் வழக்கு வந்தது. அம்மா வெறும் அனுபவ உரிமை உள்ளவரா, முழு உரிமையாளரா என்பதுதான் சண்டை.

விசாரணை நீதிமன்றம் அவரை முழு உரிமையாளர் என்றது. அப்படியானால் வீடு அப்பாவின் உயில்படி போகாது. அம்மாவின் சொத்தாகி அவருடைய வாரிசுகள் எல்லோருக்கும் பங்காகும். உயிலில் விடப்பட்ட பிள்ளைக்கும் பங்கு உண்டு. 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா எம். சிங் இதை மாற்றினார். உயில் தெளிவாக இருக்கிறது, அம்மாவுக்கு இருந்தது வாழ்நாள் உரிமை மட்டுமே என்றார். தனி வருமானம் இல்லாத மனைவிக்கு அதுவே பெரிய பாதுகாப்பு என்றும் குறிப்பிட்டார்.

ஒரே உயிலை இரண்டு நீதிமன்றங்கள் இப்படி வேறுவேறாகப் படிக்கக் காரணம் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ம் பிரிவு. அதன் முதல் உட்பிரிவு, பெண்ணின் கையில் இருக்கும் சொத்து அவருக்கே முழுமையாகச் சொந்தம் என்கிறது. இரண்டாவது உட்பிரிவு விதிவிலக்கு: உயில், தானம் போன்றவை மூலமாக, வரம்போடு கொடுத்தால் அந்த வரம்பு நிற்கும். சிக்கல் எங்கே என்றால், 1977-ல் உச்ச நீதிமன்றம் துளசம்மா வழக்கில், ஏற்கெனவே இருக்கும் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த சொத்துக்கு அந்த விதிவிலக்கு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அங்கே வரம்பு கரைந்துவிடும், அவர் முழு உரிமையாளர் ஆகிவிடுவார். கணவன் மனைவிக்கு விடும் வீடு எந்த வகை என்பதில் தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டதால், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. (மனைவி தன் வீட்டைக் கணவனுக்கு இப்படி விட்டால் இந்தத் தகராறே எழாது, 14-ம் பிரிவு பெண்களுக்கு மட்டும்.)

ஆகவே உயிலின் வாசகம்தான் முக்கியம். மயூர் விஹாரில் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஃபிளாட், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். ‘என் ஃபிளாட்டை என் மனைவிக்குக் கொடுக்கிறேன், அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு’ என்பது ஆபத்தான வரி. முதல் பாதியில் முழுதாகக் கொடுத்தபின் இரண்டாம் பாதியில் அதைக் கட்டுப்படுத்த முடியாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவார். வரிசையை மாற்றுங்கள். ‘ஃபிளாட் என் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. என் மனைவிக்கு ஆயுள் உள்ளவரை அதில் குடியிருக்கவும் வாடகை பெறவும் மட்டும் உரிமை. விற்கவோ அடகு வைக்கவோ உயில் எழுதவோ அதிகாரம் இல்லை’ என்று எழுதலாம். இது ஜீவனாம்சத்துக்கு ஈடாக அல்ல என்று ஒரு வரியும், முடிந்தால் அவர் செலவுக்கென்று வங்கி வைப்பையோ வேறு வருமானத்தையோ தனியாக அவர் பெயருக்கே விடுவதும், ‘ஜீவனாம்சத்துக்கு வேறு வழியே இல்லையே’ என்ற வாதத்தைப் பலவீனமாக்கும். இப்போதைய நிலையில் இவை முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

இன்னொன்று பலர் மறப்பது: மகன் அம்மாவுக்கு முன்பே இறந்துவிட்டால்? அப்பா இறந்தபோது அவன் உயிரோடு இருந்து, உயிலில் வேறு சொல்லவில்லை என்றால், பொதுவாக அவன் பங்கு அவனுடைய வாரிசுகளுக்குப் போகும். மருமகளும் பேரனும் சேர்ந்து வருவார்கள். அது வேண்டாம் என்றால், ‘மனைவி இறக்கும்போது உயிரோடு இருக்கும் பிள்ளைகளுக்கு’ என்று எழுதவேண்டும்.

வாழும்போது வரும் தொல்லையும் உண்டு. வீட்டு வரி, சொசைட்டி பராமரிப்பு, கூரை ஒழுகினால் பழுது ஆகியவை யார் செலவு என்று எழுதாவிட்டால் அம்மாவும் மகனும் முகம் திருப்பிக்கொள்வார்கள். தனி வீடாக இருந்தால், அதைப் பில்டருக்குக் கொடுத்து மாடி மாடியாகக் கட்டுவது டெல்லியில் சகஜம். அதற்கு அம்மாவும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தால் வேலை நின்றுவிடும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை; பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிந்தால் போலி என்ற வாதம் சுலபமாக எழாது. இரண்டு சாட்சிகள் கையெழுத்து கட்டாயம். வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் நின்று சொல்லவேண்டும் என்பதால், உங்களைவிட இளையவர்களாகவும் பங்கு பெறாதவர்களாகவும் தேர்ந்தெடுங்கள். சொசைட்டியில் மனைவியை நாமினியாகப் போட்டிருப்பதை உயிலுக்கு மாற்றாக நினைக்காதீர்கள். நாமினேஷன் மட்டும் வாரிசுரிமையைத் தீர்மானிக்காது. ஃபிளாட் கணவன்-மனைவி இருவர் பெயரிலும் இருந்தால், கணவனின் உயில் அவர் பாதியை மட்டுமே தொடும். மனைவியின் பாதிக்கு அவரே தனி உயில் எழுதவேண்டும்.